அனுபவம் இல்லாத இரண்டாம் ஆண்டு மாணவி, மூன்று கடிதங்கள்: எதை அனுப்புவது?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, நான்காம் செமஸ்டர் நடக்கிறது. மே மாதம் தேர்வு முடிந்ததும் நான்கு வாரம் ஏதாவது ஓர் ஆலையில் பயிற்சிக்குப் போக வேண்டும். மேற்கே போனால் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கிழக்கே போனால் கோயம்புத்தூரின் பம்பு, வார்ப்பு, மோட்டார் பட்டறைகள். வீட்டிலிருந்து இரண்டு பக்கமும் பஸ் உண்டு. இல்லாதது அனுபவம்தான். புராஜெக்ட் என்று சொல்ல எதுவும் இல்லை. டிசைன் பாடங்கள் இனிமேல்தான் வரும். மதிப்பெண் மோசமில்லை, ஆனால் கண்ணைப் பறிக்கும்படியும் இல்லை.

இவர் முன்னால் மூன்று வகைக் கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று, மதிப்பெண்ணையும் சான்றிதழ்களையும் அடுக்குவது. இரண்டாவது, தெரிந்தவர் பேரைச் சொல்லிக் கேட்பது. மூன்றாவது, லேப்பில் செய்த ஒரே ஒரு சோதனையை எடுத்து, அதில் என்ன செய்தோம், எங்கே தவறியது என்று எழுதுவது. மூன்றையும் ஒரே இடத்துக்கு அனுப்பிப் பார்ப்பதாக வைத்து ஒப்பிடலாம். இருநூறு முந்நூறு பேர் வேலை செய்யும் நடுத்தர பம்பு கம்பெனி ஒன்று. அங்கே தயாரான பம்புகளை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட் உண்டு, தரக்கட்டுப்பாட்டுக்குத் தனி ஆள் உண்டு, ஆனால் பயிற்சி மாணவர்களைக் கவனிக்கத் தனித் துறை கிடையாது. எல்லைக்கு இரண்டு பக்கமும் இப்படிப்பட்ட இடங்கள்தான் அதிகம்.

கடிதத்தைப் படிப்பவர் என்ன யோசிப்பார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை வந்து கம்பெனிக்குப் பெரிதாக எதுவும் செய்து கொடுத்துவிடாது என்பது அவருக்குத் தெரியும். அவர் மனதில் ஓடுவது வேறு கணக்கு. இந்தப் பெண்ணை யாரோடு சேர்த்து விடுவது? அந்த ஆளின் நேரம் எவ்வளவு போகும்? ஓடுகிற மெஷின் பக்கத்தில் விட்டால் பயமில்லாமல் இருக்கலாமா? சொன்ன தேதிக்கு வருவாரா, பாதியில் நின்றுவிடுவாரா? தங்க இடம் கேட்பாரா? இவற்றுக்குப் பதில் சொல்லும் கடிதம் அவர் வேலையைக் குறைக்கிறது. பதில் சொல்லாத கடிதம், எவ்வளவு அழகாக இருந்தாலும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கப்படும்.

முதல் கடிதத்தைப் பார்ப்போம். மதிப்பெண், ஆன்லைனில் முடித்த கோர்ஸ்கள், சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட், பைத்தான், குழுவாக உழைக்கும் திறன், விரைவாகக் கற்கும் ஆர்வம், இவ்வளவும் அரைப் பக்கத்தில் வந்துவிடும். இதன் குறை, பொய் சொல்கிறது என்பதல்ல. இதே கல்லூரியின் இதே வகுப்பில் இருக்கும் அறுபது பேரும் இதையே எழுத முடியும் என்பதுதான் குறை. படிப்பவருக்கு ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துப் பார்க்க வழி கிடைப்பதில்லை. ஆங்கில மாதிரிக் கடிதத்திலிருந்து எடுத்த வரிகளைத் தமிழில் சொல்லிப் பார்த்தாலே இது புரியும். 'நான் சுறுசுறுப்பும் ஆர்வமும் கடின உழைப்பும் கொண்ட இளம்பெண்' என்பதை மணமகன் தேவை விளம்பரத்தில் போடலாம், பம்பு கம்பெனிக்கு எதற்கு? அதனால்தான் கடிதம் ஆங்கிலத்தில் போகப்போகிறது என்றாலும் முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பது நல்லது. வெறும் சத்தமான வரி தமிழில் உடனே பல்லிளித்துவிடும்.

இந்தக் கடிதத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. சாலிட்வொர்க்ஸ் தெரியும் என்று எழுதினால், நேரில் போனதும் ஒரு இம்பெல்லர் டிராயிங்கைத் திறந்து வைத்து, 'இந்த டாலரன்ஸ் எதுக்கு இவ்வளவு இறுக்கமா இருக்குன்னு சொல்லும்மா' என்பார்கள். இரண்டு வாரக் கோர்ஸில் பிராக்கெட் வரைந்து பழகியவருக்கு அங்கே வாய் அடைத்துவிடும். கடிதத்தில் இல்லாத ஒன்றைத் தெரியாது என்று சொன்னால் யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. எழுதிவிட்டுத் தெரியாது என்பதுதான் உறுத்தும்.

ஆனால் இந்தக் கடிதம் வெல்லும் இடமும் உண்டு. பொதுத்துறை ஆலைகளிலும் பெரிய கம்பெனிகளிலும் விண்ணப்பம் பெரும்பாலும் படிவம் வழியாகவோ கல்லூரி வழியாகவோதான் போகும். முதல்வர் அல்லது துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம், போனஃபைடு சான்றிதழ், மதிப்பெண் நகல், தேதிகள், இவை சரியாக இருக்கின்றனவா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். நீங்கள் பம்புச் சோதனையில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று படிக்க அந்த மேசையில் ஆள் இல்லை. அங்கே முதல் வகையே போதும். ஆனால் உரிச்சொற்களை எடுத்துவிட்டு, விவரங்களை மட்டும் வையுங்கள்.

இரண்டாவது கடிதம், தெரிந்தவர் வழி. இதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எல்லைப்பக்கத் தொழில் உலகம் எப்படி ஓடுகிறது என்பது தெரிந்தால் அப்படிப் பேச மாட்டார்கள். மாமா ஒருவர் அந்த கம்பெனிக்கு வார்ப்பு சப்ளை செய்கிறார். 'நம்ம அக்கா பொண்ணுங்க சார், கொஞ்சம் பாத்துக் குடுங்க' என்று போனில் ஒரு வார்த்தை சொல்கிறார். அந்த ஒரு வார்த்தைக்குக் கதவு திறக்கும். முன்பின் தெரியாத மெயிலுக்கு இல்லாத ஒன்று இதற்கு இருக்கிறது: யாரோ ஒருவர் இந்தப் பெண்ணுக்குப் பொறுப்பு ஏற்கிறார். ஓடுகிற மெஷின் பக்கத்தில் விடலாமா என்ற பயத்துக்கு அது பாதிப் பதில்.

மீதிப் பாதிதான் பிரச்சினை. சிபாரிசில் உள்ளே போகிறவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று யாரும் யோசித்து வைத்திருப்பதில்லை. முதல் நாள் ஒருவர் ஆலையைச் சுற்றிக் காட்டுவார். இரண்டாம் நாள் ஸ்டோர்ஸில் உட்கார வைப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து, 'அங்க நின்னு பாத்துக்கோம்மா' என்பதோடு சரி. நான்கு வாரம் முடிந்து சான்றிதழ் கிடைக்கும். அதில் எழுத ஒரு வரி வேலைகூட இருக்காது. கதவு திறந்தவர் மாமா, உள்ளே போனபின் என்ன செய்வது என்று கேட்டது யாருமில்லை. தெரிந்தவர் பெயரைக் கடிதம் முழுக்கப் பரப்பினால், கையெழுத்து மட்டும் மாணவியுடையதாகவும் கடிதம் மாமாவுடையதாகவும் ஆகிவிடும்.

ஆக, அறிமுகம் கடிதத்தில் ஒரே ஒரு வரியாக இருக்கட்டும். அதுவும் முதல் வரியாக. 'உங்களுக்கு வார்ப்பு அனுப்பும் இன்னார் என் தாய்மாமன். அவர் சொல்லி உங்களுக்கு எழுதுகிறேன்.' அவ்வளவுதான். அடுத்த வரியிலிருந்து மாணவி பேச வேண்டும். மாமா அதற்கு முந்தைய நாளே போன் செய்துவிட்டால் இன்னும் நல்லது. மெயில் போன பிறகு போன் வந்தால் வற்புறுத்துவது போலத் தோன்றும்.

இனி மூன்றாவது கடிதம். நடுத்தர பம்பு கம்பெனிக்கு என்றால் இதைத்தான் அனுப்பச் சொல்வோம். ஆனால் இதை எழுதுவதுதான் மூன்றிலும் கஷ்டம், தவறாக எழுதுவதும் எளிது.

நான்காம் செமஸ்டர் மெக்கானிக்கல் மாணவர்களில் பலர் மையவிலக்குப் பம்புச் சோதனை செய்திருப்பார்கள். செய்து, ரெக்கார்டு எழுதி, கையெழுத்து வாங்கியதும் மறந்திருப்பார்கள். பம்பு கம்பெனியின் டெஸ்ட் பெட்டில் தினமும் நடப்பது அடிப்படையில் அதே வேலைதான். டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, ஒவ்வொரு நிலையிலும் டிஸ்சார்ஜ், ஹெட், மின்சாரம் மூன்றையும் அளக்கிறார்கள். அங்கே கருவிகள் துல்லியமானவை, அளவுகள் இந்தியத் தரநிலைப்படி இருக்க வேண்டும். மோனோசெட் பம்புக்கு ஐஎஸ் 9079, சப்மெர்சிபிளுக்கு ஐஎஸ் 8034 என்று எண்கள் மாறும். லேப் சோதனை அதன் சின்ன வடிவம். ஆகவே மாணவியிடம் அனுபவம் இல்லை என்பது முழு உண்மையில்லை. அனுபவம் ரெக்கார்டு நோட்டுக்குள் கிடக்கிறது, அதை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவே.

எப்படி எடுப்பது? மாணவியின் ரெக்கார்டில் இந்த எண்கள் இருப்பதாகக் கொள்வோம். சேகரிப்புத் தொட்டி 50 செ.மீ.க்கு 50 செ.மீ. அதில் தண்ணீர் 10 செ.மீ. ஏறினால் 25 லிட்டர். ஒரு வால்வு நிலையில் அதற்கு 12.5 விநாடி ஆனது. ஆக டிஸ்சார்ஜ் விநாடிக்கு 2 லிட்டர். டெலிவரி கேஜ் ஒரு சதுர செ.மீ.க்கு 1.2 கிலோ காட்டியது, அது 12 மீட்டர் தண்ணீர். சக்ஷன் பக்கம் 150 மி.மீ. பாதரச வெற்றிடம், அது சுமார் 2 மீட்டர். இரண்டு கேஜுக்கும் நடுவே உயர வித்தியாசம் 0.4 மீட்டர். மொத்த ஹெட் சுமார் 14.4 மீட்டர். தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த சக்தி இப்படி:

```
9.81 x 2 x 14.4 = 283 W
```

மின் மீட்டர் ஒரு யூனிட்டுக்கு 1200 முறை மின்னும் வகை. பத்து மின்னலுக்கு 34 விநாடி ஆனது என்றால் உள்ளே போனது சுமார் 880 வாட். மோட்டாரின் திறனை 80 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், எனவே பம்பின் ஷாஃப்ட்டுக்கு 704 வாட் வந்ததாகக் கணக்கு. பம்பின் எஃபிஷியன்சி 40 சதவீதம். மோட்டாரையும் சேர்த்த மொத்த எஃபிஷியன்சி 32 சதவீதம்.

இந்த எண்களை எல்லாம் கடிதத்தில் கொட்டக் கூடாது. இரண்டு மூன்று போதும். எவற்றை எடுப்பது என்பதில்தான் மாணவியின் தெளிவு தெரியும். 2 லிட்டர், 14.4 மீட்டர், 40 சதவீதம் ஆகிய மூன்றும் டெஸ்ட் பெட் ஆளுக்கு ஒரே பார்வையில் ஒரு பம்பைக் கண்முன் நிறுத்திவிடும். இது லேப்பில் பல வருடம் ஓடிய சின்ன பம்பு என்பதையும் அவர் ஊகித்துவிடுவார். இதைப் பயந்துகொண்டு, எண் சின்னதாக இருக்கிறதே என்று 75 என்று மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய தவறு கிடையாது. இந்த அளவுச் சின்ன பம்புக்கு, அதுவும் கல்லூரி லேப்பில், 75 சதவீதம் வந்தது என்றால் அளவீடு பார்க்காமல் பழைய ரெக்கார்டிலிருந்து எழுதியது என்று உடனே தெரிந்துவிடும்.

எண்களைவிட முக்கியமானது தவறிய இடம். மாணவி வால்வைப் படிப்படியாக அடைத்தபோது, 10 செ.மீ. ஏற எடுத்த நேரம் 12.5 விநாடிக்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் கூடியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த அளவீட்டில் 21 விநாடி என்று தாவியது. டெலிவரி கேஜ் மட்டும் எதிர்பார்த்தபடி கொஞ்சமே ஏறியிருந்தது. பம்பிலேயே டிஸ்சார்ஜ் அவ்வளவு குறைந்திருந்தால் கேஜும் சேர்ந்து ஏறியிருக்கும். கேஜ் தன் இடத்தில் நிற்க நேரம் மட்டும் தாவுகிறது என்றால் கோளாறு பம்பில் இல்லை, அதற்குப் பிறகு இருக்கிற தொட்டியில். பார்த்தால் தொட்டியின் வடிகால் வால்வு முழுதாக மூடவில்லை. ஏறுகிற தண்ணீரில் ஒரு பங்கு கீழே ஒழுகிக்கொண்டிருந்தது. மூடிவிட்டு மறுபடி எடுத்தபோது 13.5 விநாடி வந்தது, வரைபடத்தில் மற்றப் புள்ளிகளோடு சேர்ந்து உட்கார்ந்தது.

டெஸ்ட் பெட்டை நடத்துகிறவருக்கு இந்தச் சம்பவம் சொல்லும் செய்தியை எந்தச் சான்றிதழும் சொல்லாது. இந்தப் பெண் எண்ணைப் பார்த்து சந்தேகப்படுகிறாள், சந்தேகப்பட்ட பிறகு காரணம் தேடுகிறாள், கண்டுபிடித்ததும் பழைய எண்ணை அடித்துத் திருத்தாமல் மறுபடி எடுக்கிறாள். அவருக்கு வேண்டிய ஆள் இதுதான். டெஸ்ட் ரெஜிஸ்டரில் தப்பான எண் ஒன்று ஏறிவிட்டால் ஒரு பம்பே திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. லேப் சோதனையைத் தனியாக யாரும் செய்வதில்லை, நாலைந்து பேர் சேர்ந்துதான் செய்வார்கள். 'நான் செய்தேன்' என்று எல்லாவற்றையும் எழுதினால், அதே வகுப்பிலிருந்து இன்னொருவரும் எழுதும்போது இரண்டு கடிதமும் ஒன்றாகி, இரண்டுமே கெடும். 'ஐந்து பேர் குழுவில் நேர அளவீடும் கணக்கும் என் பொறுப்பு' என்று எழுதுங்கள். இப்படிச் சொன்னால் மதிப்பு குறையும் என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலையில் எல்லோருமே அப்படித்தான், தன் பங்கு எது என்று சொல்லத் தெரிந்தவரை நம்புவார்கள்.

சோதனை ஒன்றுமே நினைவில் தவறாக நடக்கவில்லை என்றால்? அப்போது தவறைக் கற்பனை செய்யாதீர்கள். நேரில் கேட்கும்போது இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். ரெக்கார்டை எடுத்து, வரைபடத்தில் கோட்டோடு சேராமல் நிற்கும் புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும். முடிந்தால் லேப் அசிஸ்டென்ட்டிடம் கேட்டு ஒரு மணி நேரம் வாங்கி, அந்த நிலையை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். கடிதத்துக்காகச் செலவிடும் நேரத்தில் இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடானது வேறில்லை.

அடுத்தது, என்ன வேலை கேட்பது. 'எந்தத் துறையிலும் கற்கத் தயார்' என்ற வரி பணிவாகத் தெரியும். ஆனால் என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கும் சுமையைப் படிப்பவர் தலையிலேயே ஏற்றுகிறது. நான்கு வாரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி செய்யக்கூடியது எது என்பதை நீங்களே சொல்லுங்கள். பம்பு டிசைன் என்று கேட்டால் சிரிப்பார்கள். டெஸ்ட் பெட்டில் அளவீடுகளை ரெஜிஸ்டரில் எழுதுவது, அவற்றை எக்ஸெலில் ஏற்றி வளைகோடு வரைவது, ஒரு மாடலில் ஒரு மாதத்தில் சோதித்த பம்புகள், கம்பெனி அறிவித்த டிஸ்சார்ஜும் ஹெட்டுமான டியூட்டி பாயின்ட்டிலிருந்து எவ்வளவு விலகின என்று அட்டவணை போடுவது, இவை செய்யக்கூடியவை. கடைசியாகச் சொன்னது கம்பெனிக்கும் பயன்படும், ஆனால் அன்றாட வேலையில் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அந்த எண்கள் கம்பெனிக்குள்ளேயே இருக்க வேண்டியவை. கல்லூரி ரிப்போர்ட்டில் போடுவதாக இருந்தால் அனுமதி கேட்டே போடுவேன் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், அவர் மனதில் எழும் தயக்கம் எழுவதற்கு முன்பே அடங்கிவிடும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லைப்பக்கத்துப் பிள்ளைகள் இதை ரெஸ்யூமின் கடைசியில், பொழுதுபோக்குக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். கஞ்சிக்கோட்டில் மலையாளமும் தமிழும் ஒரே ஷெட்டுக்குள் கேட்கும், இப்போது இந்தி பேசும் தொழிலாளர்களும் நிறைய. தமிழும் மலையாளமும் பேசவும் படிக்கவும் தெரிந்த பிள்ளையை ஷாப் ஃப்ளோரில் யாரோடும் சேர்த்து விடலாம். கடிதத்துக்குள்ளேயே ஒரு வரியாக இதற்கு இடமுண்டு. வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் பக்கம் அனுப்பும் கடிதத்தில் மலையாளத்துக்கு அந்த அளவு எடை கிடையாது, அங்கே அந்த வரியை எடுத்துவிடலாம்.

எல்லாம் சேர்த்து, கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்குப் போகும் கடிதம் தமிழில் இப்படி இருக்கும். அனுப்பும்போது இதையே ஆங்கிலத்தில், இதே நீளத்தில் வையுங்கள்.

'மதிப்பிற்குரிய ஐயா, உங்களுக்கு வார்ப்பு அனுப்பும் என் தாய்மாமன் சொல்லி இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே 18 முதல் ஜூன் 12 வரை நான்கு வாரம் உங்கள் டெஸ்ட் பெட்டில் பயிற்சி பெற அனுமதி கேட்கிறேன். ஆலை அனுபவம் எனக்கு இல்லை.

இந்த செமஸ்டரில் லேப்பில் ஒரு மையவிலக்குப் பம்பைச் சோதித்தோம். ஐந்து பேர் குழுவில் நேர அளவீடும் கணக்கும் என் பொறுப்பு. சிறந்த நிலையில் விநாடிக்கு 2 லிட்டர், 14.4 மீட்டர் ஹெட், பம்பு எஃபிஷியன்சி 40 சதவீதம் கிடைத்தது (மோட்டார் 80 சதவீதம் என்று கொண்டு). ஓர் அளவீட்டில் கேஜ் கொஞ்சமே ஏறியிருக்க, தொட்டி 10 செ.மீ. ஏறும் நேரம் மட்டும் 12.5-இலிருந்து 21 விநாடிக்குத் தாவியது. தொட்டியின் வடிகால் வால்வு முழுதாக மூடவில்லை என்று கண்டு, மூடி மறுபடி எடுத்ததில் 13.5 விநாடி வந்தது. வரைபடம் இருக்கும் ரெக்கார்டுப் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

டெஸ்ட் ரெஜிஸ்டர் எழுதவும், ஒரு மாடலின் சோதனை முடிவுகளை டியூட்டி பாயின்ட்டோடு ஒப்பிட்டு அட்டவணை போடவும் என்னால் முடியும். உங்கள் எண்களை அனுமதி இல்லாமல் வெளியே காட்ட மாட்டேன். தமிழும் மலையாளமும் பேசவும் படிக்கவும் தெரியும். வீட்டிலிருந்து தினமும் வந்து போவேன், தங்குமிடமோ உதவித்தொகையோ கேட்கவில்லை. சேஃப்டி ஷூ என்னிடம் உண்டு. கல்லூரியின் கடிதத்தை நீங்கள் சரி என்றதும் இரண்டு நாளில் கொண்டுவருகிறேன். பல்கலைக்கழகத் தேர்வுத் தேதி மாறினால் உடனே தெரிவிப்பேன்.'

ஆலை அனுபவம் இல்லை என்ற வரியை எடுத்துவிடலாமே என்று தோன்றும். விட்டுவையுங்கள். நான்கு சொல்லில் முடிகிறது, மன்னிப்பும் கேட்கவில்லை. அதைச் சொன்ன பிறகு வருகிற பத்தி அதற்கே பதிலாக நிற்கிறது. உதவித்தொகை கேட்கவில்லை என்ற வரி மட்டும் அவரவர் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் இல்லாமல் நான்கு வாரம் போக முடியாது என்றால் அந்த வரியைப் போடாதீர்கள். கம்பெனி கேண்டீனில் சாப்பாடு கொடுப்பார்களா என்று தேதி முடிவான பிறகு கேட்பதில் தப்பில்லை. பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்கிற சின்ன இடம் என்றால் பெரும்பாலும் அது ஆலை இல்லை, சான்றிதழ்க் கடை.

தலைப்பு வரியிலேயே யார், எப்போது, எங்கே என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். போனில் பார்க்கிறவருக்கு முதல் சில சொற்கள்தான் தெரியும், ஆகவே தேதியை முன்னால் வையுங்கள்:

```
Internship 18 May - 12 June, pump test bed, 2nd year Mechanical
```

இணைப்பு இரண்டே பிடிஎஃப்: ஒரு பக்க ரெஸ்யூமும் அந்த ரெக்கார்டுப் பக்கமும். முதல் கடிதத்தில் அடுக்கிய மதிப்பெண், கோர்ஸ், மென்பொருள் எல்லாம் ரெஸ்யூமில் போய் உட்காரட்டும், அதுதான் அவற்றின் இடம். ரெக்கார்டுப் பக்கத்தைப் போனில் சாய்வாக எடுத்த படமாக அனுப்பாமல் ஸ்கேன் ஆப்பில் எடுத்து, எண்கள் படிக்க முடிகிறதா என்று இன்னொரு போனில் திறந்து பாருங்கள்.

இதே கடிதத்தைக் கோயம்புத்தூர் பக்கம் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அனுப்பினால் வீண். மெயில் முகவரி பில்லில் அச்சடித்திருக்கும், திறந்து பார்க்கிறவர் இருக்க மாட்டார். அங்கே கடிதம் என்பது நேரில் போகும்போது கையில் இருக்கும் ஒரு தாள். அரைப் பக்கம், தமிழிலேயே எழுதலாம். கூடவே போனஃபைடு, கல்லூரி அடையாள அட்டை. காலையில் வேலை தொடங்கும் நேரத்தில் போகாதீர்கள், ஆள் பிரித்துவிடும் அவசரத்தில் இருப்பார்கள். முற்பகல் டீ முடிந்த நேரம் நல்லது. முதலாளியே லேத்துக்குப் பக்கத்தில் நிற்பார். லேப் பம்பின் எஃபிஷியன்சி அவருக்கு வேண்டாம். 'வெர்னியர், மைக்ரோமீட்டர் படிக்கத் தெரியும், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எழுதித் தருவேன்' என்றால் அவருக்குப் போதும். மறக்காமல் கடிதத்தில் போன் நம்பரைப் பெரிதாக எழுதுங்கள், அந்தத் தாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போகும். இந்த வகை இடத்தில் மாமாவின் வரிக்கு மூன்று கடிதத்தையும்விட எடை அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நடுத்தர கம்பெனிக்கு எழுதினால் ஆறு வாரம் முன்னால் அனுப்புங்கள், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில். மார்ச் கடைசியில் வேண்டாம், கணக்காண்டு முடிவு, டிஸ்பாட்ச் நெருக்கடியில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஒரு நாளில் நூறு இடத்துக்கு அனுப்பாமல், எட்டுப் பத்து இடம் தேர்ந்தெடுத்து, அங்கே என்ன தயாராகிறது என்பதற்கு ஏற்ப நடுப்பத்தியை மாற்றுங்கள். வால்வு கம்பெனி என்றால் பம்புச் சோதனையிலேயே வால்வை எத்தனை சுற்று அடைத்தபோது டிஸ்சார்ஜ் எப்படி மாறியது என்பதை எடுக்கலாம். வார்ப்பாலை என்றால் மணல் சோதனையோ கடினத்தன்மைச் சோதனையோ ரெக்கார்டில் இருக்கிறதா பாருங்கள். முடிந்தவரை டெஸ்ட் பெட் அல்லது தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளருக்கு அனுப்பி, பணியாளர் பிரிவுக்கு நகல் போடுங்கள். ஏழு வேலை நாளில் பதில் இல்லையென்றால் அதே மெயிலின் மேல் இரண்டு வரியில் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்.

அழைப்பு வந்தால் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: 'நாப்பது சதவீதம்தானா, ஏன்?' லேப் பழசு சார் என்று மட்டும் சொன்னால் பாதி மதிப்பெண். இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் நடுவே தேய்மானத்தால் இடைவெளி கூடியிருந்தால் தண்ணீர் உள்ளேயே சுற்றித் திரும்பும் என்பதையும், 80 சதவீதம் என்பது தாங்கள் அளந்ததில்லை, எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மோட்டார் உண்மையில் 70 சதவீதம்தான் என்றால் ஷாஃப்ட்டுக்கு வந்த சக்தி 616 வாட்டாகக் குறைந்து, பம்பின் எஃபிஷியன்சி 46 ஆகிவிடும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள், அவர் பேனாவை நீட்டினாலும் நீட்டுவார்.